அம்மா போனில் மலையாளத்தில் அனுமதிப் பெட்டி வருகிறது, எந்தப் பட்டன் எது?

வேலந்தாவளத்தான்

எல்லோருக்கும் வணக்கம். நான் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை. அம்மா கொழிஞ்சாம்பாறை பக்கம் தனியாக இருக்கிறார். எட்டாவது வரை தமிழ் மீடியம். மலையாளம் நன்றாகப் பேசுவார், சந்தையில் சண்டையே போடுவார். ஆனால் எழுத்து ஒன்றும் தெரியாது. போன மாதம் மாமா பாலக்காட்டில் பழைய போன் ஒன்று வாங்கிக் கொடுத்தார். ஆண்ட்ராய்டு 12. மொழி மலையாளத்தில் இருக்கிறது, யாரும் மாற்றவில்லை.

நேற்று சாயங்காலம் அம்மா கூப்பிட்டார். கறவை மாடு வாங்கக் கடன் தரும் ஆப் என்று, அக்கம்பக்கத்தில் ஏஜென்ட் வேலை செய்யும் ஒருவர் வாட்ஸாப்பில் லிங்க் அனுப்பியிருக்கிறார். அதைப் போட்டுத் திறந்ததும் ஒரு பெட்டி வந்ததாம். இரண்டு பட்டன். மேலே இருந்ததை அழுத்திவிட்டார். உடனே இன்னொரு பெட்டி. இதில் மூன்று பட்டன், நடுவே இரண்டு வட்டப் படம். அங்கேதான் பயந்து என்னைக் கூப்பிட்டார். நான் "எதையும் தொடாதே" என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

எனக்கும் மலையாளம் படிக்கத் தெரியாது. அந்தப் பெட்டிகள் என்ன கேட்கின்றன, எதை அழுத்தலாம் என்று போனிலேயே சொல்லிப் புரிய வைக்க முடியுமா?

இரும்புக்கடை

தம்பி, எளிய வழி. எது கேட்டாலும் கடைசியில் இருக்கும் பட்டனை அழுத்தச் சொல்லுங்கள். அதுதான் வேண்டாம். மேலே இருக்கும் பட்டனை அழுத்தினால் அந்த ஆப் இனிமேல் எப்போதும் நம்மைப் பார்த்துக்கொண்டே இருக்கும். நான் அப்படித்தான் செய்கிறேன். எந்தப் பிரச்சினையும் இல்லை.

மலம்புழை ஐபோன்

என் போனில் லொக்கேஷன் பெட்டியில் முதல் பட்டன் "ஒரு தடவை மட்டும்" என்பது. அதனால் மேலே இருப்பது பயப்படும்படியானது இல்லையே? அதை அழுத்தச் சொல்லலாம்.

செல்போன் டாக்டர் (கோபாலபுரம்)

ரெண்டு பேரும் கொஞ்சம் பொறுங்கள். ஐபோனில் வரிசை வேறு, ஆண்ட்ராய்டில் வேறு. அம்மா வைத்திருப்பது ஆண்ட்ராய்டு. அதில் மூன்று பட்டன் வந்தால் முதலாவது "ஆப்பைப் பயன்படுத்தும்போது", இரண்டாவது "இந்த முறை மட்டும்", மூன்றாவது "வேண்டாம்". ஐபோன் அண்ணன் சொன்னபடி மேலே இருப்பதை அழுத்தினால் அம்மா கொடுப்பது வேறு அனுமதி ஆகிவிடும்.

இரும்புக்கடை அண்ணே, நீங்கள் சொன்னதில் பாதி சரி. கடைசி பட்டன் வேண்டாம் என்பது சரி. ஆனால் மேல் பட்டன் "எப்போதும்" இல்லை. ஆண்ட்ராய்டு 11 வந்த பிறகு "எப்போதும்" என்கிற லொக்கேஷன் அனுமதியை இந்தப் பெட்டியிலேயே கொடுக்க முடியாது. செட்டிங்ஸ் பக்கத்துக்குப் போய்த் தனியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரு ஆப் அந்தப் பக்கத்துக்குத் தள்ளிக்கொண்டு போனால் அப்போதுதான் சந்தேகப்பட வேண்டும்.

தம்பி, இரண்டு கேள்வி. ஒன்று, அம்மா அழுத்திய முதல் பெட்டியின் தலையில் என்ன சின்னப் படம் இருந்தது? இரண்டு, அந்த லிங்க் ப்ளே ஸ்டோரைத் திறந்ததா, இல்லை நேராக ஒரு ஃபைலை இறக்கியதா?

வேலந்தாவளத்தான்

அம்மாவிடம் கேட்டேன். "தலையும் தோளும் போட்ட ஆள் படம்" என்கிறார். லிங்க் ப்ளே ஸ்டோருக்குப் போகவில்லை. ஏதோ இறங்கியது, பிறகு போனே ஏதோ எச்சரித்தது, அந்த ஏஜென்ட் "அதை ஒத்துக்கோ" என்றாராம்.

செல்போன் டாக்டர் (கோபாலபுரம்)

அப்போது முதல் பெட்டி காண்டாக்ட். அதற்கு இரண்டே பட்டன்தான் வரும். அனுமதி, வேண்டாம். "இந்த முறை மட்டும்" என்பது லொக்கேஷன், கேமரா, மைக் இந்த மூன்றுக்கு மட்டும் இருக்கிறது. பட்டன்களை எண்ணினாலே எந்த ரகம் என்று கொஞ்சம் தெரிந்துவிடும். தலைப்பில் இருக்கும் படம் மீதியைச் சொல்லும். ஆள் என்றால் காண்டாக்ட், தலைகீழ் சொட்டு மாதிரி குத்தூசி என்றால் லொக்கேஷன், கேமரா என்றால் கேமராவே.

அம்மா அழுத்திவிட்டார் என்பதால் முதலில் இதைச் செய்யச் சொல்லுங்கள். டேட்டாவையும் வைஃபையையும் அணைத்துவிடட்டும். அந்த ஆப் ஐகானை விரலால் அழுத்திப் பிடித்தால் ஒரு சின்ன பெட்டியும், அதில் வட்டத்துக்குள் "i" என்ற குறியும் வரும். அதைத் தொட்டால் ஆப்பின் பக்கம் திறக்கும். அதில் அனுமதிகள் என்கிற வரி ஒன்று இருக்கும். உள்ளே போனால் மேல் பகுதியில் கொடுத்தவை, கீழ்ப் பகுதியில் கொடுக்காதவை. மேல் பகுதியில் ஆள் படம் இருக்கும். அதைத் தொட்டு, வேண்டாம் என்று மாற்றலாம். அப்புறம் ஆப்பின் பக்கத்துக்கே திரும்பி வந்து ஆப்பை நீக்கிவிடலாம்.

ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். அனுமதியை இப்போது எடுத்தால் இனிமேல் படிக்க முடியாது. ஏற்கெனவே எடுத்து எங்கோ அனுப்பியிருந்தால் அது திரும்பி வராது. அந்தப் பெட்டியை ஒத்துக்கொண்ட அடுத்த நொடியே பட்டியல் முழுவதும் போயிருக்கவும் வாய்ப்பிருக்கிறது, போகாமல் இருக்கவும் வாய்ப்பிருக்கிறது. வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது.

கல்பனா டீச்சர்

நான் சித்தூர் தாலுக்காவில் தமிழ் மீடியம் பள்ளியில் பாடம் எடுத்தவள். பெற்றோர் பலருக்கும் வேலந்தாவளத்தான் அம்மாவைப் போலத்தான். பேச்சு புரியும், எழுத்து வராது. அதனால் நான் எழுத்தைப் படிக்கச் சொல்லிக் கொடுப்பதில்லை. வாலைப் பார்க்கச் சொல்வேன்.

அந்தப் பெட்டியில் வரும் இரண்டு சொற்கள் இவை:

```
അനുവദിക്കുക
അനുവദിക്കരുത്
```

முதலாவது "அனுவதிக்குக", அதாவது அனுமதி கொடு. இரண்டாவது "அனுவதிக்கருது", கொடுக்காதே. பேச்சில் கேட்டால் உங்கள் அம்மாவுக்கு ஒரு நொடியில் புரிந்துவிடும். தவறு நேர்வது எங்கே என்றால், ஆரம்பம் இரண்டிலும் ஒன்று, நீளமும் கிட்டத்தட்ட ஒன்று. சொல்லின் கடைசி எழுத்தின் மேலே ஒரு சின்னப் பிறை வைத்திருந்தால் அது "அருது". பிறை இல்லாமல் சுழி சுழியாக முடிந்தால் சம்மதம். "பிறை இருந்தால் மறுப்பு" என்று அம்மாவிடம் சொல்லிப் பாருங்கள். ஆனால் இது அந்தக் கடைசி எழுத்துக்கு மட்டும்தான். மலையாளத்தில் பிறை எங்கு வேண்டுமானாலும் வரும்.

மூன்று பட்டன் பெட்டியில் முதல் வரி "உபயோகிக்கும்போள்" என்று முடியும், நம் "உபயோகிக்கும்போது". இரண்டாவது "மாத்ரம்" என்று முடியும், நம் ஊரில் "ஒரு ஆள் மாத்திரம்" என்போமே, அதேதான். "மாத்ரம்" என்ற ஒலியைக் கேட்டால் அது ஒரு முறை பட்டன்.

பெட்டியின் கேள்வி "அனுவதிக்கணோ?" என்று முடியும். வேணுமா என்று கேட்கிறது, கட்டளையிடவில்லை. இதைச் சொன்னால் வயதானவர்களுக்கு ஒரு தைரியம் வருகிறது. திரை எதையோ உத்தரவு போடுகிறது என்றுதான் பலர் நினைக்கிறார்கள்.

நகரி நெசவாளி

எங்கள் பக்கம் தெலுங்கு. அம்மா தெலுங்கு பேசுவார், எழுத்து வராது, அதே கதைதான். தெலுங்கில் "அனுமதிஞ்சு" என்றால் கொடு, "அனுமதிஞ்சவத்து" என்றால் கொடுக்காதே. அதாவது வேண்டாம் என்கிற பட்டன் நீளமாக இருக்கும். எங்கள் வீட்டில் "நீளமான பட்டன் பாதுகாப்பான பட்டன்" என்றே பழக்கிவிட்டோம். மலையாளத்துக்கும் அதைப் பழக்கலாமா?

கல்பனா டீச்சர்

வேண்டாம் ஐயா. மலையாளத்தில் அந்த இரண்டும் நீளத்தில் சமம். அதற்குத்தான் பிறை. பழைய போன்களில் மறுப்புக்கு "நிரசிக்குக" என்று வேறு சொல்லே வரும், அதற்குப் பிறையும் கிடையாது, முடிவும் சம்மதச் சொல்லின் முடிவேதான். என் விதி அங்கே தலைகீழாகிவிடும்.

செல்போன் டாக்டர் (கோபாலபுரம்)

டீச்சர் சொல்வது உண்மை. பழைய ஆண்ட்ராய்டில் இரண்டு பட்டனும் பக்கம் பக்கமாக இருக்கும், "இனிமேல் கேட்காதே" என்று ஒரு கட்டமும் வரும். மேல் கீழ் விதியும் அங்கே செல்லாது. இந்த அம்மாவுக்கு ஆண்ட்ராய்டு 12 என்பதால் டீச்சர் விதி பொருந்தும்.

ஆனால் இதற்கெல்லாம் முன் ஒரு கேள்வி இருக்கிறது. அந்தப் பெட்டி போனுடையதா, ஆப்புடையதா?

இது ரொம்ப முக்கியம், யாரும் கவனிப்பதில்லை. உண்மையான அனுமதிப் பெட்டியைப் போன்தான் காட்டும், அதன் மொழி போனின் மொழி. ஆப் தமிழில் இருந்தாலும் போன் மலையாளத்தில் இருந்தால் பெட்டி மலையாளத்தில் வரும். ஆப் மலையாளத்தில் இருந்து போன் தமிழில் இருந்தால் பெட்டி தமிழில் வரும். ஆனால் ஆப்கள் பெட்டி வருவதற்கு முன் தாங்களே ஒரு பெரிய திரையை வரைந்து காட்டும். "உங்களுக்கு நல்ல சேவை தர" என்று நீளமாக எழுதி, கீழே வண்ணத்தில் ஒரே பட்டன். அது வெறும் விளம்பரப் பலகை. அதில் "தொடர்க" அழுத்தினாலும் போனின் அனுமதி எதுவும் போய்விடாது, அடுத்து போனின் பெட்டி வரும், அங்கேதான் முடிவு.

அதனால் என் கடைக்கு வருபவர்களிடம் முதலில் சொல்வது, போன் மொழியைத் தமிழுக்கு மாற்றுங்கள் என்பதே. செட்டிங்ஸில் மொழி பட்டியலில் "தமிழ்" என்பது தமிழ் எழுத்திலேயே இருக்கும், தேடுவது கஷ்டம் இல்லை. அதை முதல் இடத்துக்கு இழுத்து வைத்தால் போதும். அதன் பிறகு கடன் ஆப் எந்த மொழியில் பேசினாலும், பெட்டி "இந்த முறை மட்டும்", "அனுமதிக்க வேண்டாம்" என்று தமிழில் கேட்கும். ஒரே ஒரு செயலியைக்கூட "ஆப்ஸ்" என்றுதான் எழுதுகிறார்கள், அதைக் கண்டு குழம்ப வேண்டாம்.

மலம்புழை ஐபோன்

மொழியை மாற்றாமல் அந்தப் பெட்டியை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து மொழிபெயர்ப்பு ஆப்பில் போட்டால் ஆகாதா? மாமா வந்தால் மலையாளத்தில் வேண்டும் என்பார்.

செல்போன் டாக்டர் (கோபாலபுரம்)

ஆகும், பெட்டி பதிலுக்குக் காத்துக்கொண்டே நிற்கும், அவசரம் இல்லை. ஆனால் சில பண ஆப்கள் திறந்திருக்கும்போது போன் ஸ்க்ரீன்ஷாட் எடுக்கவே விடாது. அப்போது பக்கத்து வீட்டுப் பிள்ளையின் போன் கேமராவால் படம் பிடிக்கலாம். இல்லாவிட்டால் அந்தப் பிள்ளையையே சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். அம்மாவுக்குக் கேட்டால் புரியும் அல்லவா. மொழிபெயர்ப்பை விட இது நல்லது.

இரும்புக்கடை

சட்டமே இருக்கிறது, 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டம். அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணை மொழிகளில் எதில் வேண்டுமானாலும் அறிவிப்பைக் காட்ட வேண்டும். ஆக மலையாளத்தில் மட்டும் காட்டியது தப்பு. கேஸ் போடலாம்.

செல்போன் டாக்டர் (கோபாலபுரம்)

அண்ணே, அந்தச் சட்டத்தில் அந்த விதி இருக்கிறது. ஆனால் அது கம்பெனி கொடுக்கும் அறிவிப்புக்கு. போன் காட்டும் பெட்டியின் மொழி, போனை வைத்திருப்பவர் தேர்ந்தெடுத்தது. மாமா செட் செய்த மொழிக்குக் கம்பெனியைக் கேட்க முடியாது.

தம்பியின் விஷயத்தில் உதவும் விதி வேறு. 2022 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி டிஜிட்டல் கடனுக்கு விதிகள் போட்டது. கடன் ஆப், போனில் இருக்கும் ஃபைல்கள், காண்டாக்ட் பட்டியல், அழைப்பு விவரம் இவற்றைத் தொடக் கூடாது. கேமரா, மைக், லொக்கேஷன் போன்றவற்றை அடையாளம் சரிபார்க்க ஒரு முறை மட்டும், ஆளின் சம்மதத்துடன் கேட்கலாம். ப்ளே ஸ்டோரும் 2023 மே 31 முதல் தனிநபர் கடன் ஆப்கள் காண்டாக்டையும் புகைப்படங்களையும் கேட்பதைத் தடை செய்தது. அதனால்தான் ப்ளே ஸ்டோர் வழியாக வந்ததா என்று கேட்டேன். முறையான கடன் ஆப்பாக இருந்தால் ஆள் படம் போட்ட பெட்டி வந்திருக்கவே கூடாது. கடனுக்கு முன்னாடி உறவுக்காரர்கள் நம்பரை எதற்குக் கேட்கிறான் என்றால், திருப்பிக் கட்டாத நாளில் அவர்களைக் கூப்பிட்டு அவமானப்படுத்த.

இனி அம்மா நின்றுபோன பெட்டி. வட்டப் படம் இரண்டு என்றார். அது லொக்கேஷன். இடது வட்டம் துல்லியம், மலையாளத்தில் "கிருத்யம்" என்ற சொல் வரும். வலது வட்டம் தோராயம், "ஏகதேசம்". துல்லியம்தான் முதலில் தேர்வாகி இருக்கும். தோராயத்தைத் தொட்டால் சுமார் 3 சதுர கிலோமீட்டர் அளவுக்குத்தான் சொல்லும். வேலந்தாவளத்தில் அப்படிக் காட்டினால் கோயமுத்தூர் மாவட்டமா பாலக்காடு மாவட்டமா என்றே ஆப்புக்குத் தெரியாமல் போகலாம். பஸ் ஆப், வானிலைக்கு அது போதும். வீடியோவில் முகம் காட்டி அடையாளம் சரிபார்க்கும்போது, ஆள் இந்தியாவில் இருக்கிறாரா என்று உறுதி செய்ய வங்கிகள் லொக்கேஷன் கேட்பது முறையானதே. அங்கே "மாத்ரம்" பட்டன், கேமராவுக்கும் அதே பட்டன். அடுத்த தடவை திறக்கும்போது மறுபடி கேட்கும், அது கோளாறு இல்லை.

ஆனால் இந்த ஆப்புக்கு அதுவும் வேண்டாம். நீக்கச் சொல்லுங்கள்.

பீர்மேடு ராசா

என் கேஸ் வேறு. எஸ்டேட் லைனில் வருகைப் பதிவுக்கு ஒரு ஆப் கொடுத்தார்கள், லொக்கேஷன் கேட்டது, நான் இரண்டு தடவை வேண்டாம் என்றேன். மூன்றாவது தடவை கேட்கவே இல்லை, பதிவும் ஆகவில்லை, ஒரு நாள் கூலி போச்சு. இப்போது என்ன செய்வது?

செல்போன் டாக்டர் (கோபாலபுரம்)

ராசா, ஆண்ட்ராய்டு 11 முதல் ஒரே அனுமதியை இரண்டு தடவை மறுத்தால் அப்புறம் பெட்டி வராது, ஆப் திறந்து திறந்து மூடினாலும் வராது. அம்மாவுக்குச் சொன்ன அதே வழிதான், ஐகானை அழுத்திப் பிடித்து "i". அங்கே லொக்கேஷனில் "ஒவ்வொரு முறையும் கேள்" என்று ஒரு வரி இருக்கும், அதை வைத்தால் பழையபடி பெட்டி வரும். கூலி விஷயம் சூப்பர்வைசரிடம்தான் பேச வேண்டும்.

பீர்மேடு ராசா

பேசிப் பார்க்கிறேன். நம்பமாட்டார்.

வேலந்தாவளத்தான்

டாக்டர் அண்ணே, டீச்சர், ரொம்ப நன்றி. அம்மாவுக்கு இன்று காலை போனிலேயே வழி சொன்னேன். ஐகானைப் பிடித்து "i" வரை போய்விட்டார். அனுமதிகள் வரியைக் கண்டுபிடிக்கத்தான் சிரமப்பட்டார். பக்கத்து வீட்டுப் பையன் படித்துக் காட்டினான். ஆள் படத்தைத் தொட்டதும் "பிறை வைத்தது எது" என்று கேட்டேன், "கீழ இருக்குது" என்று சரியாகச் சொல்லி அழுத்தினார். ஆப்பை நீக்கியாகிவிட்டது. போன் மொழியை அந்தப் பையனே தமிழுக்கு மாற்றிக் கொடுத்தான்.

ஆப்பில் ஆதார் எண் எதுவும் போடவில்லை, பெயரும் நம்பரும் மட்டும்தான் என்கிறார். காண்டாக்ட் போனதா இல்லையா என்பதுதான் தெரியவில்லை. போனில் நாற்பது நம்பர் இருக்கிறது, பால் சொசைட்டி, மாமா, என்னுடையது, பாதி திருப்பூர் சொந்தக்காரர்கள்.

செல்போன் டாக்டர் (கோபாலபுரம்)

அந்த நாற்பது பேருக்கும் இன்றே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். அம்மா பெயரைச் சொல்லி யாராவது பணம் கேட்டாலோ மிரட்டினாலோ நம்ப வேண்டாம் என்று. மிரட்டல் வந்தால் 1930க்கு போன் செய்து சொல்லலாம், அல்லது cybercrime.gov.in. ஆப் பெயரைக் குறித்து வையுங்கள், இறங்கிய ஃபைலை அழிப்பதற்கு முன் அதன் படம் ஒன்று எடுத்து வையுங்கள். மாடு வாங்கக் கடன் வேண்டுமானால், ரிசர்வ் வங்கியின் தளத்தில் 2025 ஜூலை முதல் கடன் ஆப்களின் பட்டியல் இருக்கிறது, அதில் இல்லாத ஆப் பக்கம் போகவே வேண்டாம். அதில் இருப்பதாலேயே நல்லது என்றும் இல்லை, கடன் கொடுப்பவர்கள் தாங்களே கொடுத்த விவரம்தான் அது.

இரும்புக்கடை

அந்த ஏஜென்டை யாரும் ஒன்றும் கேட்கவில்லையா?

வேலந்தாவளத்தான்

அம்மா கேட்டாராம். "சேச்சி, இது எல்லாரும் போடுறதுதானே" என்று சொல்லிவிட்டுப் போனாராம். அவர் லைனில் இன்னும் ஏழெட்டு வீட்டுக்கு அதே லிங்க் போயிருக்கிறது. அம்மா இப்போது அந்த வீடுகளுக்குப் போயிருக்கிறார்.